சொல்லைச் சொல்லாமல் பொருள் சொல்வது

தொழிற்சொற்களைத் திரட்டி வெளியிடுகிறவர்களுக்கு அந்தச் சொற்களின் பொருளை எழுதிக் கொடுப்பதும், எழுதி வந்ததைத் திருத்திக் கொடுப்பதும் என் வேலை. தச்சுப் பட்டறை, தறிக்கூடம், செங்கல் சூளை என்று பல தொகுப்புகளில் கை வைத்திருக்கிறேன். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களின் சொற்கள் ஒருமுறை வந்தன. திரட்டியவர்கள் ஊரோடு நன்றாகப் பழகியவர்கள். சொற்களைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் எழுதியிருந்தார்கள், சொல்லில் குறையில்லை. பொருள் எழுதிய இடத்தில்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே கோளாறு:

பாடு: பாடு முறைப்படி மீன் பிடிக்கும் உரிமை.
தலைக்கட்டு: பாட்டில் பங்குள்ள குடும்பம்.
முகத்துவாரம்: ஏரியின் முகத்துவாரம் அமைந்த பகுதி.

தெரிந்தவருக்கு இதில் குறையே தெரியாது. தெரியாதவருக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை. பாடு என்றால் என்ன என்று கேட்டு வந்தவரிடம் பாடு என்றால் பாடுதான் என்று சொல்லி அனுப்புகிறோம். நம் தர்க்க நூல்கள் இதற்கு ஆன்மாச்சிரயம் என்று பெயர் வைத்திருக்கின்றன. தன்னையே தான் பற்றி நிற்றல் என்பது பொருள். இரண்டு சொற்கள் ஒன்றையொன்று பற்றி நின்றால் அந்நியோந்நியாச்சிரயம். மூன்று நான்கு சொற்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சக்கரகம். மேலே உள்ள மூன்று வரிகளில் முதல் இரண்டு குற்றமும் இருக்கின்றன.

முதல் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தலைச்சொல்லை விளக்கத்தில் தேடினால் அகப்பட்டுவிடும். தமிழில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பாடு என்பது பாட்டில், பாட்டுக்கு, பாட்டுக்காரர் என்று உருமாறி ஒளிந்துகொள்ளும். ஆனால், "பாட்டுக்காரர்: பாடு உள்ளவர்" என்று எழுதினால் அது குற்றமில்லை. பாடு என்பதற்குத் தனியாக நல்ல விளக்கம் இருக்கும்வரை, அதிலிருந்து பிறந்த சொல் அதன்மேல் சாய்ந்து நிற்கலாம். அடிச்சொல் தன்மேலேயே சாய்வதுதான் கூடாது.

கண்டுபிடித்த பிறகு திருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. பலரும் செய்வது, உறுத்தும் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைப்பது. "பாடு: சுழற்சி முறையில் மீன் பிடிக்கும் உரிமை" என்று ஆக்கிவிட்டால் வட்டம் உடைந்துவிடும், வாக்கியமும் கௌரவமாகத் தெரியும். ஆனால் அது தப்பான விளக்கம். ஏன் தப்பு என்று பார்க்க, பாடு நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழவேற்காடு ஊரிலிருந்து பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் மணல்திட்டில் வீடுகள். ஏரி என்று பெயர்தானே தவிர, இது கடலோடு வாய் திறந்த உவர்நீர்ப் பரப்பு. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகக் கிடக்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் நீரோட்டத்தோடு உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில் கம்பு ஊன்றி, நீரோட்டத்தை மறித்து வலை கட்டினால் இறால் விழும். ஏரியின் தென்பகுதியில் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இந்த வலைக்கு நல்ல வரும்படி. அந்த இடங்களிலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரு இடத்தில் கூடை நிறையும், அடுத்த இடத்தில் அடி மட்டும் நனையும். நல்ல இடத்தை ஒருவரே வைத்துக்கொண்டால் ஊர் இரண்டாகிவிடும். அதனால் இடங்களை வரையறுத்து, உரிமையுள்ளவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்று முறைப்படுத்தியிருக்கிறார்கள். இதுதான் பாடு.

இப்போது "சுழற்சி முறையில் மீன் பிடிக்கும் உரிமை" என்ற வரியை மறுபடி பாருங்கள். ஊர்க் குளத்தில் இந்த ஆண்டு கீழத்தெரு, அடுத்த ஆண்டு மேலத்தெரு என்று மாறி மாறி மீன் பிடித்தால் அதுவும் இந்த வரிக்குள் வந்துவிடும். அதை யாரும் பாடு என்று சொல்வதில்லை. தர்க்க நூல்கள் விளக்கத்துக்குரிய குற்றங்களாக அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்று மூன்றைச் சொல்கின்றன. பசுவை வைத்து அவை காட்டும் எடுத்துக்காட்டு இன்றைக்கும் வேலைக்கு உதவுகிறது. பசு என்பது கபில நிறமுள்ளது என்றால் வெள்ளைப் பசு விடுபட்டுப்போகும், அது அவ்வியாப்தி. கொம்புள்ளது என்றால் எருமையும் உள்ளே வரும், அது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புள்ளது என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது, அது அசம்பவம். சொல்லை மாற்றி வட்டத்தை உடைக்கும்போது அநேகமாக அதிவியாப்தியில்தான் போய் விழுவோம். உள்ளே இருந்த குறிப்பான சொல் போய்ப் பொதுவான சொல் வந்து உட்கார்ந்தால் எல்லை தானாக விரிந்துவிடுகிறது.

எல்லையைச் சுருக்க நினைப்பவர் எதிர்ப்பக்கம் சாய்வார். "பட்டினவர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக ஏரியில் சீட்டுக் குலுக்கி இறால் பிடிக்கும் பாரம்பரியம்" என்று எழுதத் தோன்றும். செய்தி நிறைய இருப்பதுபோல் தெரிகிறது. இதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, பாடு என்பது பாரம்பரியம் அல்ல. "அவனுக்குப் பாடு இல்ல" என்று குப்பத்தில் சொன்னால், அவனுக்குப் பாரம்பரியம் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. வலை கட்ட உரிமை இல்லை என்றுதான் பொருள். ஒரு சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது, உரிமையா, இடமா, நாளா, கருவியா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அது பிசகினால் பிற்பாடு எவ்வளவு நகாசு செய்தாலும் சரிவராது.

இரண்டாவது கோளாறு நுட்பமானது. பாடு பற்றி வந்த ஆய்வுகளில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பெயர்கள் வரும். பிற்பாடு மற்றக் குப்பங்களும் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டன, பூசலும் நடந்தது. யாருக்குப் பாடு உண்டு என்பது காலத்தோடு மாறக்கூடியது, வழக்குக்கும் இடமானது. அதை விளக்கத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டால், நாளைக்கு ஒரு ஊர் புதிதாகச் சேர்ந்ததும் விளக்கம் பொய்யாகிவிடும். அதைவிட மோசம், அகராதியைக் காட்டி, "பாடு என்றாலே இவர்களுக்கு மட்டும்தான், எழுதியே இருக்கிறது பார்" என்று ஒரு தரப்பு வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது விளக்கத்தின் வேலை இல்லை. பட்டியல் ஒன்று உண்டு என்று சொன்னால் போதும். பட்டியலில் யார் யார் என்பது குறிப்புக்குப் போகட்டும்.

இவற்றைச் சரிசெய்ய நான் கையாளும் வழி, சொல் வரும் வாக்கியங்களைச் சேர்ப்பது. திண்ணையில் உட்கார்ந்து "பாடுன்னா என்னண்ணே?" என்று கேட்டால் நல்ல பதில் வராது. "பாடுன்னா பாடுதான் தம்பி, அத எப்படிச் சொல்றது?" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். யாரும் தினப்படிச் சொல்லுக்குப் பொருள் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. வலை பின்னுகிற இடத்தில், சீட்டுக் குலுக்குகிற பேச்சு வரும் இடத்தில் சும்மா இருந்தால் வாக்கியங்கள் தானாக வந்து விழும். "நாளைக்கு எங்க பாடு." "அந்தப் பாட்டுல கம்பு நட்டாச்சு." "அவனுக்கு இந்த வருசம் பாடு இல்ல." மூன்று வாக்கியமும் மூன்று பொருள். முதலாவதில் பாடு என்பது ஒருவருக்கு வரும் நாள், இரண்டாவதில் வலை கட்டும் இடம், மூன்றாவதில் உரிமை. ஒரே வரியில் மூன்றையும் அடக்கப் பார்த்ததால்தான் பழைய வரி "பாடு முறை" என்று தன்னிடமே தஞ்சம் புகுந்தது. பொருள்களைப் பிரித்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

பிரித்துவிட்டு எதை முதலில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. மற்ற இரண்டும் எதை வைத்துப் பிழைக்கின்றனவோ அதுதான் முதல் பொருள். உரிமை இருப்பதால்தான் நாள் வருகிறது, இடம் வருகிறது. எனவே முதல் பொருள் உரிமை. அதை இப்படி எழுதினேன்:

பாடு: 1. ஏரியில் வரையறுத்த இடங்களில் கம்பு ஊன்றி வலை கட்டி மீனும் இறாலும் பிடிக்க, ஊர்ப் பட்டியலில் உள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி மாறி மாறித் தரப்படும் உரிமை. 2. அந்த உரிமைப்படி ஒருவருக்கு வரும் நாள். 3. அந்த உரிமைப்படி ஒருவருக்கு ஒதுக்கப்படும் இடம்.

இதில் ஒவ்வொரு துண்டும் எதையாவது வெளியே தள்ளத்தான் நிற்கிறது. "வரையறுத்த இடங்களில்" என்பது ஏரியில் எங்கு வேண்டுமானாலும் வீச்சு வலை வீசுவதை விலக்குகிறது. "கம்பு ஊன்றி வலை கட்டி" என்பது கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களை விலக்குகிறது. அவர்களுக்குச் சீட்டுக் கிடையாது. "சீட்டுக் குலுக்கி" என்பது குத்தகையை விலக்குகிறது. குத்தகை, அதிகப் பணம் கேட்டவருக்குப் போகும். பாட்டில் ஏலம் கேட்பது கிடையாது. "மாறி மாறி" என்பது ஒருமுறை குலுக்கி நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வதை விலக்குகிறது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, வேண்டாதது எதுவும் உள்ளே வரவில்லை என்றால் அந்தத் துண்டு வீண். முன்னால் எழுதியிருந்த "பாரம்பரிய" என்ற சொல்லை அப்படித்தான் எடுத்தேன். அதை எடுத்ததால் எதுவும் உள்ளே வரவில்லை, எதுவும் வெளியே போகவுமில்லை.

வெளியிலிருந்து ஒரு சோதனையும் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் கடலேரியிலும் கம்பு ஊன்றி வலை கட்டும் இடங்களை மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கித் தம் உறுப்பினர்களுக்குப் பகிர்கின்றன. அந்த ஏற்பாடு இந்த விளக்கத்துக்கு மிக அருகில் வருகிறது, வரவும் வேண்டும். இரண்டும் ஒரே வகை ஏற்பாடு. "பழவேற்காட்டில் மட்டும்" என்று விளக்கத்துக்குள் எழுதாமல், சொல்லுக்குப் பக்கத்தில் வழக்கிடம் என்று மட்டும் குறித்ததற்கு இதுதான் காரணம். அதேபோல் தென்மாவட்டக் கடற்கரையில் மீன்பாடு என்றால் அன்றைக்கு அகப்பட்ட மீன். அங்கே "இன்னைக்குப் பாடு எப்படி?" என்றால் வரும்படி எப்படி என்று கேட்பதாகும். அந்த வாக்கியத்தில் என் மூன்று பொருளில் எதை வைத்தாலும் பொருந்தாது. பொருந்தாததால் அது வேறு சொல் என்று தனியே எடுத்து வைத்தோம். மூன்று பொருளையும் இழுத்து நீட்டி அதையும் உள்ளே சேர்க்கப் பார்க்கக் கூடாது.

இனி இரண்டாவது குற்றம். என் விளக்கத்தில் தலைக்கட்டு என்ற சொல் வந்திருக்கிறது. தொகுப்பிலோ "தலைக்கட்டு: பாட்டில் பங்குள்ள குடும்பம்" என்று இருக்கிறது. அதை அப்படியே விட்டால் பாடு தலைக்கட்டைப் பிடித்து நிற்கும், தலைக்கட்டு பாட்டைப் பிடித்து நிற்கும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுத்தமாகத் தெரியும். சேர்த்துப் படித்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது புரியும். திருத்துகிறவர்கள் அநேகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு விளக்கத்திலும் வரும் தொழிற்சொற்களுக்கு அடியில் கோடு போட்டு, அந்தச் சொல்லின் விளக்கத்துக்குப் போய், அங்கு வரும் தொழிற்சொல்லுக்கும் கோடு போட்டு, புறப்பட்ட சொல் எங்காவது திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி.

வட்டம் தென்பட்டால் எந்தக் கண்ணியை வெட்டுவது? இரண்டில் எது மற்றதில்லாமல் இருக்க முடியும் என்று கேட்க வேண்டும். தலைக்கட்டு, பாடு இல்லாத ஊரிலும் உண்டு. ஏரிப் பக்கமே போகாத கடற்கரைக் குப்பத்திலும் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். ஆனால் உரிமை யாருக்கு என்று எண்ண ஒரு கணக்கு இல்லாமல் பாடு இருக்க முடியாது. ஆக, பாடு தலைக்கட்டின்மேல் நிற்கலாம். தலைக்கட்டு பாட்டின்மேல் நிற்கக் கூடாது. அதனால் வெட்ட வேண்டியது தலைக்கட்டின் விளக்கத்தை:

தலைக்கட்டு: ஊர் வரியிலும் கோயில் செலவிலும் ஒரு பங்கு செலுத்துவதாகவும், ஊர்ப் பொதுவில் ஒரு பங்கு பெறுவதாகவும் கணக்கிடப்படும் குடும்பம்.

பாட்டில் பங்கு என்பது "ஊர்ப் பொதுவில் ஒரு பங்கு" என்பதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த விளக்கத்துக்குப் பாடு தேவைப்படவில்லை, பொருளும் குறையவில்லை.

முகத்துவாரத்தில் சிக்கல் வேறு மாதிரி. பலரும் "ஏரி கடலோடு கலக்கும் இடம்" என்று மாற்றி எழுதுவார்கள். வட்டமில்லை, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் மழை ஓய்ந்து தண்ணீர் வற்றும் காலத்தில் மணல் சேர்ந்து அந்த வாய் மூடிக்கொள்ளும். அப்போது ஏரியும் கடலும் எங்கும் கலப்பதில்லை. ஆனாலும் லைட்ஹவுஸ் குப்பத்தில், "முகத்துவாரம் அடைச்சுக்கிச்சு" என்றுதான் சொல்வார்கள். முகத்துவாரம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். மூடியிருந்தாலும் பெயர் நிற்கிறது. அந்த வாக்கியத்தில், "ஏரி கடலோடு கலக்கும் இடம் அடைச்சுக்கிச்சு" என்று வைத்துப் பார்த்தாலே இடறுவது தெரியும். அதனால் இப்படி வந்தது: "ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டில் நீர் உள்ளும் வெளியும் போய்வரும் வழி, மணல் சேர்ந்து சில காலம் மூடிக்கொள்வதும் உண்டு." பின்பாதி அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் மூடிய முகத்துவாரம் விளக்கத்துக்கு வெளியே போய்விடும்.

இதில் வரும் ஏரி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு ஏரி என்றால் கரை, மதகு, பாசனம், நல்ல தண்ணீர். அந்த நினைப்போடு இந்த விளக்கங்களைப் படித்தால் ஒவ்வொன்றும் தப்பாகப் புரியும். ஆகவே தொகுப்பில் ஏரி என்பதற்கும் ஒரு பதிவு வைத்து, இந்தத் தொகுப்பில் அது கடலோடு வாய் திறந்த உவர்நீர்ப் பரப்பைக் குறிக்கும் என்று எழுதினோம். விளக்கத்தில் பயன்படுத்தும் சொல், படிப்பவருக்கு வேறு பொருளில் பழகிய சொல்லாக இருந்தால், வட்டமில்லாத விளக்கமும் பிழையாகிவிடும்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கடலின் ஏற்றவற்றம் எட்டும் நீர்நிலை எதுவரை என்று சொல்ல வேண்டியிருந்தபோது, 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, "ஏற்றவற்றம் எட்டும் இடம்வரை" என்று சொல்லி நிறுத்தவில்லை. ஆண்டில் மிக வறண்ட காலத்தில் அளந்தால் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை என்று அளவு கொடுத்தது. கடல்நீரில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அளவுகோல் இருந்தால் வட்டத்தை அப்படி உடைக்கலாம். பாட்டுக்கும் தலைக்கட்டுக்கும் அளவுகோல் கிடையாது. ஊர்ப் பேச்சுதான் அளவுகோல். அங்கே அளவைத் திணித்து, "இத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் உரிமை" என்று எழுதினால், எண்ணிக்கை மாறியதும் விளக்கமும் காலாவதியாகிவிடும்.

எல்லா வட்டத்தையும் உடைக்க வேண்டியதில்லை. வலை, கம்பு, அலை, நாள் போன்ற சொற்களுக்கு இந்தத் தொகுப்பில் விளக்கமே எழுதவில்லை. எந்த விளக்கமும் கடைசியில் விளக்கம் வேண்டாத சில சொற்களில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவில்லாமல் நீளும். அப்படி நிற்கும் சொற்களைப் பட்டியலிட்டு முன்னுரையில் வைப்பது நேர்மையான வழி. "வலை: மீன் பிடிக்கப் பயன்படும் பின்னப்பட்ட சாதனம்" என்று எழுதுவதால் வலை தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, தெரியாதவருக்கும் வலை கண்ணில் தெரியாது. அந்த இடத்தில் ஒரு படம் போட்டால் போதும்.

கடைசிச் சோதனை எப்போதும் ஊரில்தான். தலைச்சொல்லை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படித்து, இது எந்தச் சொல் என்று கேட்பேன். பாட்டின் விளக்கத்தைப் படித்ததும் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெரியவர் ஒருவர், "இது பாடுதான், வேற என்ன?" என்றார். வேறு வேலையாக வந்து அருகில் நின்ற வெளியூர் இளைஞர் அதே வரியைக் கேட்டுவிட்டு, "அப்ப ஏலம் எடுக்க முடியாதா?" என்றார். ஊர்க்காரர் சொல்லைக் கண்டுபிடித்தார், வெளியூர்க்காரர் பொருளைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த இரண்டு பேரிடமும் படித்துக் காட்டாமல் எந்த விளக்கத்தையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஊர்க்காரர் வேறு சொல்லைச் சொன்னால் எல்லை தப்பு. வெளியூர்க்காரர், "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டால் வட்டம் இன்னும் உடையவில்லை.